கணக்கில் தெரியாத பணம் வந்து, தெரியாத ஒருவர் திருப்பிக் கேட்டால்

கேள்வி: “வெள்ளவத்தையில் இருக்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் என் சேமிப்புக் கணக்கில் 185,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. யார் அனுப்பியதென்று தெரியாது. அரை மணித்தியாலத்தில் ஒருவர் அழைத்து, ‘தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன் அண்ணா, அம்மாவின் ஒப்பரேஷன் காசு’ என்று அழுதார். ஒரு கணக்கு இலக்கம் தந்து உடனே அதற்குப் போடச் சொல்கிறார். போடாவிட்டால் பொலிசுக்குப் போவாராம். அனுப்பிவிடலாமா?”

அனுப்ப வேண்டாம். அதில் ஒரு ரூபாயைக்கூடச் செலவழிக்கவும் வேண்டாம். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே, உங்கள் வங்கியின் மூலமாக அது திரும்பிப் போகட்டும். அழைத்தவர் வாயால் சொன்ன இலக்கத்துக்கு நீங்களாக எதையும் போடாதீர்கள். அவர் உண்மையானவராக இருந்தாலும் இதுதான் சரியான வழி, மோசடிக்காரராக இருந்தாலும் இதுதான். ஆகவே அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்மானிக்கும் பொறுப்பை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. நான் 27 வருடங்கள் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருடங்கள் கொழும்பில் ஒரு கிளையின் செயற்பாட்டுப் பிரிவில் இருந்தேன். தவறிப் போன பணம், திருடப்பட்டு வந்த பணம் இரண்டும் அந்த மேசைக்குத்தான் வரும். நான் சட்டத்தரணி அல்லன். சட்டத்தைப் பற்றிக் கீழே சொல்வது ஒரு வங்கி உத்தியோகத்தர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டுமே.

இந்த ஏமாற்று ஏன் பலிக்கிறது என்றால், நாம் எல்லோரும் ‘திருப்பி அனுப்புவது’ என்ற சொல்லை நம்பிவிடுகிறோம். கடையில் மிச்சக்காசு கூடத் தந்துவிட்டால் அதே தாளைக் கையில் திருப்பிக் கொடுக்கிறோம்; கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வங்கிக் கணக்கில் அப்படி இல்லை. உங்களுக்கு வந்த 185,000 ஒரு கொடுக்கல் வாங்கல். நீங்கள் செயலியைத் திறந்து, இலக்கத்தை அடித்து, உறுதிப்படுத்தி அனுப்பும் 185,000 முற்றிலும் வேறொரு கொடுக்கல் வாங்கல். இரண்டாவது முதலாவதை அழிப்பதில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக வங்கியின் ஏடுகளில் ஒரு வரிகூட இருக்காது. முதலாவது பணம் யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து களவாக எடுக்கப்பட்டதாக இருந்து, அந்த மனிதர் நாளைக்கு முறைப்பாடு செய்தால், அது உங்கள் கணக்குக்கு வந்தது என்பது பதிவில் இருக்கிறது. நீங்கள் அதை வேறொரு கணக்குக்கு அனுப்பினீர்கள் என்பதும் இருக்கிறது. இந்த இரண்டு வரிகளை மட்டும் பார்ப்பவருக்கு, களவுப் பணத்தைக் கை மாற்றிவிட்டவராகத்தான் நீங்கள் தெரிவீர்கள்.

நான் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காணக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் வீட்டில் டியூஷன் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர். வகுப்பு விளம்பரத் துண்டில் தன் கைப்பேசி இலக்கத்தையும் கட்டணம் போட வேண்டிய கணக்கு இலக்கத்தையும் ஒன்றாக அச்சிட்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 4.40க்கு, 72,000 ரூபாய் இருந்த அவருடைய கணக்குக்கு 240,000 ரூபாய் வந்தது. 5 மணிக்கு அழைப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவர் இரக்கப்பட்டு 5.20க்கு, சொல்லப்பட்ட கணக்குக்கு 240,000ஐ அனுப்பிவிட்டார். மறுமுனையில் ‘கடவுள் உங்களை நல்லா வைப்பார் ரீச்சர்’ என்று சொன்னார்களாம். திங்கட்கிழமை போயா விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை அவர் ஏ.டி.எம்.மில் 5,000 ரூபாய் எடுக்கப் போனபோது கணக்கு மறித்து வைக்கப்பட்டிருந்தது. நடந்தது என்னவென்றால், வேறொரு ஊரில் இருந்த ஒரு பெண்மணியிடம் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. இலக்கத்தை வாங்கி, அவருடைய கணக்கிலிருந்து அந்த 240,000ஐ ஆசிரியையின் கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பெண்மணி வெள்ளி இரவே தன் வங்கிக்கு அறிவித்துவிட்டார். அவருடைய வங்கி எங்களுக்கு அறிவித்தது. நாங்கள் 240,000க்கு மறிப்புப் போட்டோம். கணக்கில் இருந்ததோ ஆசிரியையின் சொந்தப் பணம் 72,000 மட்டும். அதுவும் முடங்கியது, அதன்பிறகு பிள்ளைகளின் பெற்றோர் போட்ட கட்டணமும் முடங்கியது. அவர் பணம் அனுப்பிய மூன்றாவது கணக்கு ஒரு கூலித் தொழிலாளியின் பெயரில் இருந்தது. சிறு தொகைக்கு அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் யாருக்கோ வாடகைக்குக் கொடுத்திருந்தார். பணம் வந்த இருபது நிமிடங்களுக்குள் அந்தக் கணக்கு வழித்தெடுக்கப்பட்டிருந்தது.

ஆசிரியையிடம் அழைப்புப் பதிவுகளும் வட்ஸ்அப் செய்திகளும் அழியாமல் இருந்ததால் பொலிசார் அவரைச் சந்தேக நபராக நடத்தவில்லை. ஆனால் நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கணக்கின் மறிப்பு முழுமையாக நீங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் 240,000உம் கணக்கிலேயே கிடந்திருக்கும். அந்தப் பெண்மணிக்கு அவருடைய காசு திரும்பியிருக்கும். ஆசிரியைக்குச் சில நாள் அலைச்சலோடு போயிருக்கும். நல்ல மனதோடு அவர் செய்த அந்த ஒரு காரியம்தான் களவை நிறைவேற்றி வைத்தது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி, உண்மையாகவே தவறி அனுப்பியவர்கள் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறார்கள். நம் நாட்டில் வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் மாற்றும் முறையில் (உங்கள் கணக்குக் கூற்றில் CEFTS என்ற எழுத்துகளோடு வருவது அதுதான்) பணம் எங்கே போய்ச் சேருவது என்பதைக் கணக்கு இலக்கமே தீர்மானிக்கிறது. அனுப்புபவர் அடிக்கும் பெயர் பெரும்பாலும் ஒரு குறிப்பாகத்தான் போகிறது. ஆகவே இலக்கம் பிழைத்தால் பணம் பிழையான ஆளிடம் போய்விடும். என் அனுபவத்தில் இலக்கத்தைத் தவறாக அடிப்பதைவிட, சேமித்து வைத்த பட்டியலில் அடுத்த பெயரைத் தட்டிவிடுவதுதான் அதிகம். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் வியாபாரி ஒருவர் தன் விநியோகஸ்தருக்குப் போட வேண்டிய தொகையை, அதே பெயரில் தொடங்கும் பழைய வாடகைக்காரருக்குப் போட்டுவிட்டார். அவர் என்ன செய்தார்? தன் வங்கிக்கு வந்து எழுதிக் கொடுத்தார். நாங்கள் பெறுநரின் வங்கிக்கு எழுதினோம். அந்த வங்கி பழைய வாடகைக்காரரை அழைத்துக் கேட்டது. அவர் சம்மதக் கடிதம் கொடுத்தார். நான்கு வேலை நாட்களில் பணம் திரும்பியது. இதில் யாரும் யாரிடமும் அழவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விடயத்தைக் கவனியுங்கள். தவறி அனுப்பிய ஒருவருக்கு உங்கள் கணக்கு இலக்கம் மட்டுமே தெரியும். உங்கள் கைப்பேசி இலக்கம் எப்படித் தெரியும்? அவருடைய வங்கிக்கு அது தெரியாது. உங்கள் வங்கிக்குத் தெரியும், ஆனால் வாடிக்கையாளரின் இலக்கத்தை வெளியாருக்குக் கொடுப்பது இரகசியம் காக்கும் கடமையை மீறுவதாகும். பணம் வந்து அரை மணித்தியாலத்துக்குள் ஒருவர் உங்களை அழைக்கிறார் என்றால், கணக்கு இலக்கமும் கைப்பேசி இலக்கமும் சேர்ந்தாற்போல் அவரிடம் முன்பே இருந்திருக்க வேண்டும். விளம்பரத் துண்டு, முகநூலில் சேலை விற்கும் பக்கம், ஆலயத் திருப்பணி நன்கொடை அறிவித்தல், எங்கோ நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் போன்றவற்றிலிருந்து அது கிடைத்திருக்கலாம். கைப்பேசி இலக்கமே கணக்காக இருக்கும் பணப்பைச் செயலி வழியாக வந்த பணம் என்றால் மட்டும் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. ‘என் இலக்கம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?’ என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் பதில் நம்பும்படியாக இருந்தாலும் அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். சரியான தொகையையும் நேரத்தையும் அவர் சொல்வதும் ஆதாரம் அல்ல. களவாக அனுப்பியவருக்கும் அதே தொகை, அதே நேரம் தெரியும் அல்லவா?

இதைவிடக் கனமான அடையாளம், அவர் எந்தக் கணக்குக்குப் போடச் சொல்கிறார் என்பது. தவறி அனுப்பியவருக்கு அனுப்பிய கணக்கு ஒன்று இருக்கிறது. பணம் அங்கே திரும்பினால் அவருக்குப் போதும். ‘அந்தக் கணக்கில் ஒரு பிரச்சினை, தம்பியின் கணக்குக்குப் போடுங்கள்’ என்ற பேச்சு வந்த உடனேயே, அழைப்பவர் அந்த முதல் கணக்கின் சொந்தக்காரர் அல்லர் என்று நான் எண்ணத் தொடங்குவேன். நிச்சயமாக அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். கணக்கில் உண்மையிலேயே சிக்கல் உள்ளவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சிக்கலையும் அவர் தன் வங்கியோடு பேசித் தீர்க்க வேண்டுமே தவிர, உங்களோடு அல்ல.

நீங்கள் சொல்லும் விபரங்களைக் கொண்டு உங்களுக்கு நடந்திருப்பது இதுதான் என்று என்னால் அறுதியிட முடியாது. ஆனால் நீங்களே இன்று வீட்டில் இருந்தபடி சில சாத்தியங்களைப் பிரித்துப் பார்க்கலாம். முதலில், பணம் உண்மையாகவே வந்திருக்கிறதா? குறுஞ்செய்தி ஒன்று வந்தது என்பது பணம் வந்ததற்குச் சாட்சி அல்ல. வங்கியின் பெயரைத் தலைப்பில் போட்டுப் போலிக் குறுஞ்செய்தி அனுப்ப முடியும். வங்கியின் பழைய செய்திகள் இருக்கும் அதே வரிசையில் அது வந்து நிற்கவும் கூடும். ஆகவே அந்தச் செய்தியில் உள்ள எந்த இணைப்பையும் தொடாமல், வழக்கமாகப் பயன்படுத்தும் செயலியை நீங்களாகத் திறந்து மீதியைப் பாருங்கள். 185,000 அங்கே இல்லாவிட்டால் கதை முடிந்தது; அனுப்பினால் உங்கள் சொந்தப் பணம்தான் போகும்.

இருந்தால், அது எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். சில செயலிகளில் இரண்டு மீதிகள் தெரியும்; ஒன்று ஏட்டு மீதி, மற்றது எடுக்கக்கூடிய மீதி. ஏட்டு மீதி மட்டும் கூடி, எடுக்கக்கூடிய மீதி கூடாமல் இருந்தால் அது இன்னும் தீராத காசோலையாக இருக்கலாம். யாரும் உங்கள் கணக்கு இலக்கத்தை எழுதிக் காசோலை ஒன்றை வைப்பு இயந்திரத்தில் போட்டுவிட்டுப் போகலாம். வழமையாக அது தீர அடுத்த வேலை நாள் ஆகும், இடையில் சனி, ஞாயிறு, போயா வந்தால் அவ்வளவு நாளும் தொங்கி நிற்கும். இந்தக் கூட்டம் வெள்ளிக்கிழமை பின்னேரத்தை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். காசோலை தீர்ந்துவிட்டது என்பதும் முற்றான பாதுகாப்பு அல்ல. கையெழுத்து போலி என்று பிறகு தெரிய வந்தால் தகராறு உங்கள் கணக்கைத் தேடி வரும்.

மூன்றாவது சாத்தியத்தைப் பலர் யோசிப்பதில்லை. அந்த 185,000 உங்களுடையதாகவே இருக்கலாம். இணைய வங்கிக் கடவுச்சொல் யாரிடமாவது போயிருந்தால், அவர்கள் உங்கள் நிலையான வைப்பின் மேல் உங்கள் பெயரிலேயே கடன் எடுத்தோ, உங்கள் இன்னொரு கணக்கிலிருந்து மாற்றியோ, இந்தச் சேமிப்புக் கணக்கில் போட்டிருக்கலாம். வெளிக் கணக்குக்குப் பணத்தை அனுப்ப உங்கள் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும் என்பதால், அந்தக் கடைசிப் படியை மட்டும் உங்கள் கையால் செய்விக்கத்தான் இந்த அழைப்பு. ஆகவே உங்கள் வைப்புகள், கடன் பகுதி, மற்றக் கணக்குகள் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். அங்கே புதிதாக ஏதாவது தெரிந்தால் இது அவசரம். திங்கள்வரை காத்திருக்காமல் இந்த நிமிடமே வங்கியை அழைத்து இணைய வங்கிச் சேவையை நிறுத்தச் சொல்லுங்கள்.

எப்படியானாலும் இன்றைக்கே வங்கியை அழைக்கத்தான் வேண்டும். கிளை மூடியிருந்தாலும் உங்கள் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் இலக்கத்தை அழையுங்கள். கூகுளில் தேடிக் கிடைத்த இலக்கத்தையோ, அழைத்தவர் தந்த இலக்கத்தையோ அல்ல. ‘என் கணக்குக்கு இன்ன நேரம், இன்ன தொகை, எனக்குத் தெரியாத இடத்திலிருந்து வந்திருக்கிறது, ஒருவர் திருப்பிக் கேட்கிறார், நான் அனுப்பவில்லை, இதைப் பதிவு செய்து கொள்ளுங்கள்’ என்று சொல்லி, முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பேசிய நேரத்தோடும் உத்தியோகத்தரின் பெயரோடும் எழுதி வையுங்கள். பிற்பாடு யாராவது உங்களைக் கேள்வி கேட்டால், பணம் வந்த மறுநாளே நீங்கள் அறிவித்தீர்கள் என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

திங்கட்கிழமை தேசிய அடையாள அட்டையோடு உங்கள் கிளைக்குப் போங்கள். முன் கருமபீடத்தில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுத்தில் கொடுங்கள். நான் இருந்த மேசைக்கு வந்த கடிதங்களில் பயன்பட்டவை எல்லாம் குறுகிய கடிதங்கள். இப்படி எழுதினால் போதும்: ‘என் கணக்கு இலக்கம் இது. இன்ன திகதி, இன்ன நேரம் 185,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டுள்ளது. இதை அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியாது. இது எனக்குச் சேர வேண்டிய பணமும் அல்ல. இன்ன கைப்பேசி இலக்கத்திலிருந்து ஒருவர் இதைக் கோருகிறார். அனுப்பிய வங்கியை விசாரித்து, பணம் புறப்பட்ட கணக்குக்கே இதைத் திருப்பி வரவு வைப்பதற்கு மட்டும் சம்மதிக்கிறேன். வேறெந்தக் கணக்குக்கும் அனுப்ப நான் சம்மதிக்கவில்லை.’ இரண்டு பிரதிகள் எடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கிக் கொள்ளுங்கள். ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பொதுவாகத் ‘திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்’ என்று எழுதினால், யாருக்கு என்ற கேள்வி திறந்தே கிடக்கும்.

பணம் யாரோ இயந்திரத்தில் ரொக்கமாகப் போட்டதாக இருந்தால் திரும்பிப் போக ஒரு கணக்கு இருக்காது. அப்போது போட்டவர் தன் பற்றுச்சீட்டோடும் அடையாள அட்டையோடும் வங்கிக்கு வர வேண்டும்; இயந்திரத்தின் இலக்கம், நேரம், கமராப் பதிவு ஆகியவற்றை வைத்து வங்கி முடிவு செய்யும். இங்கே வங்கிகளின் நடைமுறை ஒன்றுக்கொன்று வேறுபடும். நாட்களும் கூட எடுக்கும்.

அதுவரை அந்தப் பணத்தைத் தொடாமல் இருப்பது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கில் உங்கள் பணமும் வந்த பணமும் கலந்துதான் கிடக்கும். உங்கள் செலவுக்கு எடுக்கலாம், ஆனால் மீதி எப்போதும் 185,000க்குக் கீழே போகக் கூடாது. மின்சாரக் கட்டணம், கடன் தவணை என்று தானாகக் கழியும் நிலையியற் கட்டளைகள் இருந்தால் அவற்றையும் கணக்கில் எடுங்கள். ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று அதை உங்கள் வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றி வைக்கவும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு இப்படிச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் களவுப் பணத்தைக் கணக்குக்குக் கணக்கு தாவவிடுபவர்களின் தடமும் கூற்றில் அச்சு அசலாக அப்படியே தெரியும்.

அழைத்தவருக்கு என்ன சொல்வது? ஒரே ஒரு பதில்: ‘நீங்கள் பணம் அனுப்பிய வங்கிக்கு எழுதிக் கொடுங்கள், அவர்கள் என் வங்கியைக் கேட்கட்டும், நான் சம்மதம் கொடுத்திருக்கிறேன்.’ அதை ஒருமுறை சொன்னால் போதும். ஒரு செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள், பதிவாக இருக்கும். அதற்கு மேல் உங்கள் அடையாள அட்டைப் படம், கணக்கு மீதியின் திரைப் படம், ஓ.டி.பி. எதையும் கொடுக்காதீர்கள். உங்களிடமிருந்து பணம் வெளியே போவதற்குத்தான் ஓ.டி.பி. வேண்டும், ‘தவறை ரத்துச் செய்ய ஒரு இலக்கம் வரும், அதைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அது திருட்டுத்தான், இதில் எனக்கு ஐயமே இல்லை. உங்கள் கைப்பேசித் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் செயலி எதையும் அவர் சொல்லி இறக்கிக் கொள்ள வேண்டாம். அவருடைய அழுகையை வைத்தோ கோபத்தை வைத்தோ அவரை எடைபோடவும் முயல வேண்டாம். உண்மையில் காசைத் தொலைத்தவரும் அழுவார், ஏசுவார். நாள் முழுக்க இதே தொழிலாக இருப்பவர் அவரைவிட நன்றாகவே அழுவார்.

பொலிசுக்குப் போவேன் என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். ‘தாராளமாகப் போங்கள், என் முறைப்பாட்டு இலக்கம் இது’ என்று சொல்லுங்கள். பணம் கணக்குக்கு வந்தது குற்றம் அல்ல. வங்கியின் விசாரணைக்காகக் காத்திருப்பதும் குற்றம் அல்ல. நீங்களே முந்திக்கொண்டு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாட்டைப் பதிவு செய்து, அதன் பிரதியை வைத்திருப்பது இன்னும் நல்லது. ‘பொலிசிலிருந்து பேசுகிறேன், உடனே அனுப்பு’ என்று யாராவது அழைத்தால், எந்த நிலையம் என்று கேட்டு நேரில் வருவதாகச் சொல்லுங்கள். ஒரு தனி மனிதரின் கணக்குக்குப் பணம் போடச் சொல்லிப் பொலிஸ் தொலைபேசியில் கட்டளையிடுவதில்லை.

ஆனால் ஒருவரும் கேட்காவிட்டால் வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணமும் சிலருக்கு வரும். நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டம், கொடுக்க வேண்டிய கடமை இல்லாமல் தவறிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் உரிமையைக் கொடுத்தவருக்கு வழங்குகிறது. வழக்கறிஞர்கள் அதைக் ‘கொண்டிக்தியோ இன்டெபிட்டி’ என்பார்கள். நேர்மையீனமான எண்ணத்தோடு அதைத் தனதாக்கிக் கொண்டால் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு இருக்கிறது. களவுப் பணம் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ கைமாற்றினால் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சட்டமும் குறுக்கே வரும். இவை தெளிவானவை. தெளிவில்லாதது, நல்லெண்ணத்தில் வேறொருவருக்கு அனுப்பிவிட்ட ஆசிரியையைப் போன்றவர் உண்மையான சொந்தக்காரருக்குத் தன் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டுமா என்பதுதான். அது வழக்கின் விபரங்களைப் பொறுத்தது. அந்த நிலைக்கு வந்தால் சட்டத்தரணியைத்தான் பார்க்க வேண்டும்.

கிளையில் கடிதத்தை வாங்க மறுத்தாலோ, வாங்கி வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விட்டாலோ, அதே வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கம் இருக்கிறது. நிதிசார் நுகர்வோர் முறைப்பாடுகளை அங்கே எடுப்பார்கள். முதலில் உங்கள் வங்கியிடம் போனீர்களா என்றுதான் அவர்கள் கேட்பார்கள். முத்திரை குத்திய அந்தப் பிரதி அப்போது உதவும்.

இதை வாசிக்கும் முன்பே அனுப்பிவிட்டீர்கள் என்றால், வெட்கப்பட்டு மறைக்காமல் இப்போதே இரண்டு அழைப்புகள் எடுங்கள். முதலாவது உங்கள் வங்கிக்கு. இரண்டாவது நீங்கள் பணம் அனுப்பிய கணக்கு இருக்கும் வங்கிக்கு. அந்தப் பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் மறித்து வைக்க முடியும். மணித்தியாலங்கள் போய்விட்டால் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் நீங்கள் அறிவித்த நேரம் பதிவாகிவிடும்.

இன்னொன்று. அழைத்தவரின் இலக்கத்தைத் தடை செய்ய வேண்டாம். ஒலியை மட்டும் அடக்கி வையுங்கள். தடை செய்தால் அடுத்து அவர் அனுப்பும் கணக்கு இலக்கங்களும் மிரட்டல்களும் உங்களிடம் வந்து சேராது. அந்த இலக்கங்கள்தான் திங்கட்கிழமை உங்கள் கடிதத்தோடு இணைக்க வேண்டியவை.